மாம்பழ மஞ்சள் பட்டு, அன்னக்கரை: வடிவம் பார்த்த குறிப்பு

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை முழு அளவில் அச்செடுத்து, ஒரு பழைய பட்டுப் புடவைமேல் குத்திக் கட்டிப் பார்த்தேன்.

கரை அழகு. 8 அங்குலத்தில் அன்னம், மேலே ருத்ராட்சம், அதற்கும் மேலே கோபுர முனை என்று அடுக்கியது சரியான முடிவு. ஆனால் அன்னம் 5 அங்குல அகலம். கொசுவம் ஒரு மடிப்பு ஏறக்குறைய அதே அகலம்தான், அதனால் ஒரு மடிப்பில் கழுத்து, அடுத்ததில் வால் என்று பறவை அறுபட்டுத் தெரிகிறது. மூன்றரை அங்குலமாகக் குறையுங்கள். முனை உயரத்தைத் தொட வேண்டாம், கோர்வையில் அதுதான் உயிர்.

உடலில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. மயில் புட்டா நேர் வரிசையில் 6 அங்குலத்துக்கு ஒன்று. விரித்தால் கச்சிதம், கட்டினால் இடுப்பைச் சுற்றி கோடு போட்டதுபோல் ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று பாதி இறக்கி வையுங்கள், இடைவெளி 8 ஆகட்டும்.

அப்புறம், கீழே நிமிர்ந்து நிற்கும் மயில் தோளில் ஏறியதும் பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. எல்லோர் கண்ணும் முதலில் போகும் இடம் அது. முந்திக்கு முந்தைய ஒரு கஜத்துக்கு மட்டும் மயிலை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாய்த் தெரியும் வட்டப் பூவைப் போடுங்கள்.

மேல்கரை 2 அங்குலம் போதும், இடுப்பில் செருகிவிடுவார்கள். திருத்தியதும் அனுப்புங்கள், அட்டை அடிக்குமுன் இன்னொரு முறை கட்டிப் பார்ப்போம்.