நீங்கள் அனுப்பிய கெளுத்திப் படத்தின் விளக்கப் பலகை, தமிழில்

சித்தப்பா, டோக்கியோவிலிருந்து அனுப்பிய போட்டோ கிடைத்தது. கீழ் வலது மூலையில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கடைசி அரை வரி வெளுத்துப் போயிருக்கிறது. அதை ஊகித்து நிரப்பாமல் விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் இதோ:

"கெளுத்திப் படம் (நமாஸு-எ). பல வண்ண மரக்கட்டை அச்சு. எடோ காலம், அன்செய் 2 (1855). வரைந்தவர் பெயர் இல்லை.

அன்செய் 2ஆம் ஆண்டு, 10ஆம் மாதம் 2ஆம் நாள், பன்றி வேளையில் எடோவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பூமிக்கடியில் கிடக்கும் பெருங்கெளுத்தி புரள்வதால் நிலம் நடுங்குகிறது என்பது மக்கள் நம்பிக்கை. காஷிமா தெய்வம் அதைக் கனாமே-இஷியால் அழுத்தி வைத்திருப்பார். கன்னஸுகியில் அவர் வெளியூர் போயிருக்க, காவல் எபிஸுவிடம் இருந்தது. இப்படத்தில் தச்சர்களும் கொத்தர்களும் கெளுத்திக்கு விருந்து வைக்கிறார்கள். தணிக்கை முத்திரை இல்லாத இவ்வகைப் படங்கள்..."

அடுத்து, பலகை சொல்லாமல் விட்டவை. முக்கியமாகத் தேதி. 'பத்தாம் மாதம் இரண்டாம் நாள்' என்றதும் அக்டோபர் 2 என்று எழுதிவிடாதீர்கள். அது சந்திரனை ஒட்டிய பழைய நாட்காட்டி. நம் கணக்கில் 1855 நவம்பர் 11. ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது 1873இல்தான். பன்றி வேளை என்பது ஏறக்குறைய இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. எடோ, இப்போது நீங்கள் இருக்கும் டோக்கியோவேதான்.

'அன்செய்' மன்னர் பெயரல்ல, அரசவை அறிவிக்கும் சகாப்தப் பெயர். நம் பிரபவ, விபவ போல அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வராது. அந்தக் காலத்தில் பேரிடர் வந்தால் நல்ல பெயராகப் பார்த்து மாற்றுவார்கள். 1854 டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு பெரும் நிலநடுக்கங்கள் வந்த பிறகு சூட்டியதுதான் இது. 'அமைதியான ஆட்சி' என்று பொருள். அந்தப் பெயரை வைத்து ஓராண்டுகூட முடியாமல் எடோ இடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனது கனத்துவிட்டது.

கன்னஸுகி அந்தப் பத்தாம் மாதத்தின் பெயர். தெய்வங்கள் எல்லாம் இஸுமோவில் கூடுவதால் மற்ற ஊர்களில் 'தெய்வமில்லா மாதம்'. மீனவர்க்கும் வணிகர்க்கும் உரிய எபிஸு மட்டும் போகமாட்டார். கனாமே-இஷி என்பது பெரிய கல். காஷிமா கோயிலில் அதன் நுனி மட்டும் தரைக்கு மேலே தெரியும்.

விருந்து ஏன் என்று கேட்டீர்களே: இடிந்த வீடுகளைக் கட்ட ஆள் தேவைப்பட்டது, தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி உயர்ந்தது. இதே வகையில், வீடிழந்தவர்கள் கெளுத்தியைக் கூட்டமாக அடிக்கும் படங்களும் உண்டு.

நாளை மறுபடி போனால் பக்கவாட்டில் நின்று அந்த மூலையை மட்டும் எடுத்து அனுப்புங்கள், மீதியையும் முடித்துவிடுகிறேன். ஆல்பத்தில் இப்போதைக்கு இப்படி எழுதலாம்: 'கெளுத்திக்கு விருந்து. எடோ நிலநடுக்கத்தை ஒட்டி வந்த மரக்கட்டை அச்சு, 1855.'