குழுவுக்கு வரவேற்கிறோம்: சேர்ந்ததும் முதலில் இதைப் படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருப்பாலையில் நம் மூன்று தெருக்களிலும் உள்ள 86 வீடுகளுக்கான குடியிருப்போர் நலச்சங்க வாட்ஸ்அப் குழு இது. சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் என்ற பேதம் இங்கே கிடையாது. தெருவில் குடியிருக்கிறீர்களா, அது போதும். வெளியூரில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களும் சேரலாம். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு எண்கள்தான்.

குழுவின் வேலை இரண்டே இரண்டு. சங்கத்தின் அறிவிப்பு உங்களுக்கு வந்து சேர வேண்டும்; உங்கள் புகார் எங்களுக்கு வந்து சேர வேண்டும். கீழே உள்ள விதிகள் எல்லாம் இந்த இரண்டும் நடுவில் தொலைந்துபோகாமல் இருக்கத்தான்.

*சேர்ந்ததும் செய்ய வேண்டியது*

மூன்று நாளுக்குள் ஒரே ஒரு அறிமுக வரி போடுங்கள்: தெரு, கதவு எண், பெயர், சொந்தமா வாடகையா. "2ஆம் தெரு, 14, மாடி, வாடகை" என்று எழுதி, பெயரையும் சேர்த்தால் முடிந்தது. அது வராத எண்ணை யார் என்று விசாரிப்போம். பதில் இல்லையென்றால் நீக்கிவிடுவோம். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. அழைப்பு இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றால் செயலாளரிடம் சொல்லுங்கள். வீடு காலி செய்பவர்கள் தாங்களாகவே வெளியேறிவிட்டால் நல்லது. மறந்தால் நாங்கள் எடுத்துவிடுவோம், மனத்தாங்கல் வேண்டாம்.

*புகாரை எப்படி எழுதுவது*

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "தண்ணி வரல" என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு வால்வு திறப்பவரிடம் எங்களால் ஒன்றும் பேச முடியாது. இப்படி எழுதுங்கள்:

"2ஆம் தெரு, 14. இன்று காலை 5.40க்கு வந்தது, 5.55க்கு நின்றுவிட்டது. 12, 16இலும் இதே நிலை. எதிர் வரிசையில் 13இல் வருகிறது."

பக்கத்து வீட்டையும் எதிர் வீட்டையும் விசாரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் இணைப்புக் குழாயில்தான் அடைப்பு, பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு வரிசை முழுக்க வரவில்லை என்றால் வால்வோ தெருக்குழாயோ காரணம், அது மாநகராட்சி வேலை. தெருவின் கடைசி நாலைந்து வீடுகளில் மட்டும் வரவில்லை என்றால், முன்னால் எங்கேயோ குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதைக் குழுவில் பெயர் சொல்லி எழுத வேண்டாம், செயலாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலியான குழாயில் உறிஞ்சினால் விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடையும் உள்ளே வரும்; அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டவரும்தான் குடிக்கிறார்.

தண்ணீர் கலங்கலாக வந்தால் முதல் சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், துரு அதோடு போய்விடும். அதற்குப் பிறகும் கலங்கலோ நாற்றமோ இருந்தால் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்க வேண்டாம். வெள்ளை பாட்டிலில் பிடித்து, மூடியில் தேதியும் நேரமும் எழுதி, படம் எடுத்துப் போடுங்கள். பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். பொறியாளர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

பாதாளச் சாக்கடை பொங்கினால் பொங்கும் மூடியை மட்டும் படம் எடுத்தால் போதாது. அதற்கு மேல்பக்க மூடி, கீழ்பக்க மூடி இரண்டின் நிலையும் தெரிய வேண்டும். மேலே நிரம்பி, கீழே காய்ந்திருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். அது தெரிந்தால் அடைப்பு எடுக்கும் வண்டியை நேராக அந்த இடத்துக்கே அனுப்பச் சொல்லலாம். மூடியை நீங்கள் திறக்காதீர்கள். ஓரத்தில் கசிகிறதா என்று பார்த்தாலே போதும். தெரிந்த ஆளை விட்டு உள்ளே இறக்குவது சட்டப்படி குற்றம், விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் போடுங்கள். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு, மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சொல்லிப் பயன் இல்லை.

மின்தடைக்குக் குழுவில் "கரண்ட் போச்சா?" என்று கேட்பதற்கு முன் எட்டிப் பாருங்கள். எதிர் வீட்டில் ஃபேன் ஓடினால் பிரச்சினை உங்கள் வீட்டில் அல்லது உங்கள் ஃபேஸில். தெருவே இருட்டாக இருந்தால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இணைப்பு எண் கேட்பார்கள், நம் மதுரை மண்டலத்துக்கு அது 05 என்று தொடங்கும். பழைய பில்லைப் படம் எடுத்து இப்போதே போனில் வைத்துக்கொள்ளுங்கள்; இருட்டில் அட்டை தேடுவது பெரும் பாடு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தெரிந்தால் முதல் நாளே நாங்கள் அறிவித்துவிடுவோம்.

ஒன்றை மட்டும் கவனமாக நினைவில் வையுங்கள். சில விளக்கு மங்கி, சில விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று பொருள். உடனே மெயினை அணையுங்கள். இல்லையென்றால் ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்து போகும். கம்பி அறுந்து தெருவில் கிடந்தால் கிட்டே போகாதீர்கள், மற்றவரையும் விடாதீர்கள். முதலில் மின்னகத்துக்குப் போன் செய்யுங்கள், பிறகு குழுவில் எழுதலாம்.

*அவசரம் என்றால் எழுதாதீர்கள், கூப்பிடுங்கள்*

இரவு 10 முதல் காலை 6 வரை குழுவில் எதுவும் போட வேண்டாம். அந்த நேரத்தில் பாதிப்பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள், நீங்கள் எழுதியதை விடிந்த பிறகுதான் பார்ப்பார்கள். தீ, வீட்டுக்குள் பாம்பு என்றால் 101, ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112, கேஸ் கசிவு 1906. அதற்கடுத்து உங்கள் தெருப் பொறுப்பாளருக்குப் போன். மூன்று தெருப் பொறுப்பாளர்களின் எண்களும் குழுவின் மேலே பின் செய்யப்பட்டிருக்கின்றன.

*என்னவெல்லாம் வேண்டாம்*

காலை வணக்கம், மல்லிகைப்பூ படம், பக்திப் படம், பொன்மொழி வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் படம் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் 86 வீட்டிலிருந்தும் அதே படம் வந்தால் அன்றைய போக்குவரத்து மாற்ற அறிவிப்பு அடியில் போய்விடும். பண்டிகைக்குச் சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு வாழ்த்து வரும்.

கட்சி, சாதி, மதம் பற்றி எதுவும் வேண்டாம், தேர்தல் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். குழு நிர்வாகியாக இருப்பதனால் மட்டுமே மற்றவர் பதிவுக்குக் குற்றவாளி ஆக முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் எழுதியதற்கு எழுதியவரே பொறுப்பு. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது பதில் ஆகாது.

அறிவிப்புக்கு "ஓகே", "நன்றி", கும்பிடு என்று பதில் எழுத வேண்டாம்; செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு கட்டைவிரல் வைத்தால் போதும். முக்கியமாக இரங்கல் செய்திக்கு. ஒரு வீட்டில் துக்கம் என்றால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், தத்தனேரியா வேறு இடமா என்று ஒரு வரி வரும். அதன்மேல் ஐம்பது "ஆழ்ந்த இரங்கல்" ஏறினால் நேரத்தைத் தேடிப் பிடிக்க முடியாமல் ஆட்கள் அந்த வீட்டுக்கே போன் போட்டுக் கேட்பார்கள். இரங்கலை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

பார்க்கிங் சண்டை, நாய்ச் சண்டை, மாடியிலிருந்து துணி சொட்டுவது இவை சம்பந்தப்பட்ட இரு வீட்டுக்கும் இடையில். பேசிப் பார்த்துத் தீரவில்லை என்றால் செயலாளரிடம் வாருங்கள். அடுத்தவர் வண்டி எண்ணோடு படம் போடுவது, கேமராக் காட்சியைப் போடுவது, குழந்தைகள் படத்தைப் போடுவது கூடாது. திருட்டு நடந்தால் காட்சியைக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

சேலை, மாவு, டியூஷன், வீடு வாடகை விளம்பரம் ஞாயிறு மட்டும், வீட்டுக்கு ஒன்று. நம் தெருவில் செய்கிற சிறு தொழிலுக்குத்தான் இந்தச் சலுகை.

குரல் பதிவு அனுப்பலாம், டைப் செய்யத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அரை நிமிடத்துக்குள், முதலில் கதவு எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். தவறாக ஏதாவது போய்விட்டால் பதற வேண்டாம். அழுத்திப் பிடித்து "அனைவருக்கும் நீக்கு" கொடுங்கள். "எனக்கு மட்டும் நீக்கு" என்பதைத் தொட்டால் உங்களுக்கு மறையும், மற்ற அத்தனை பேருக்கும் இருக்கும்.

*பணம்*

மாதச் சந்தா 200 ரூபாய், 10ஆம் தேதிக்குள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பொருளாளருக்கு மட்டும் அனுப்புங்கள், கதவு எண்ணோடு. ரசீது வீட்டுக்கு வரும். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி இங்கே போடப்படும். யார் பாக்கி என்ற பட்டியல் வராது.

சங்கம் இந்தக் குழுவில் க்யூஆர் கோடு ஒருநாளும் அனுப்பாது. முதல் தெரு முனை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பது ஒன்றுதான். தலைவர் படம் வைத்த எண்ணிலிருந்து வந்தாலும் பணம் போடாமல், போன் செய்து கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம், தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் பேசுங்கள்.

*மீறினால்*

முதல் முறை தனியாக நினைவூட்டுவோம். இரண்டாம் முறை பதிவை நீக்குவோம். மூன்றாவது என்றால் 15 நாள் குழுவுக்கு வெளியே. அந்த நாட்களில் அறிவிப்பு அந்த வீட்டுக்குக் காகிதத்தில் போய்ச் சேரும். சங்க உறுப்பினர் உரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நிர்வாகிகளுக்கும் இதே விதிதான். பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு எப்போதும் எழுத்தில் வீட்டுக்கு வரும், இங்கே வருவது வெறும் நினைவூட்டல்.

விதியில் மாற்றம் வேண்டும் என்றால் இங்கே விவாதிக்க வேண்டாம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு 3ஆம் தெரு வேப்பமரத்தடியில் கூடுகிறோம், அங்கே பேசுவோம். நாற்காலி இருபதுதான் இருக்கிறது, முடிந்தவர்கள் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள்.

தலைவர் (1ஆம் தெரு, 7), செயலாளர் (2ஆம் தெரு, 31), பொருளாளர் (3ஆம் தெரு, 5)

இதைப் படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் வைத்துவிட்டு, உங்கள் அறிமுக வரியைப் போடுங்கள்.