ஹேண்ட்ஓவர் பற்றிய சிறப்புரை: பேச்சாளர் அறிமுகம்

எல்லோருக்கும் வணக்கம். இரவு டூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரிகிறது. உங்களை அதிக நேரம் உட்காரவைக்க மாட்டேன்.

வரும் திங்கட்கிழமை முதல் நம் வார்டுகள் எல்லாம் 12 மணி நேர ஷிப்டிலிருந்து 8 மணி நேர ஷிப்டுக்கு மாறுகின்றன. நாம் கேட்டு வாங்கியதுதான், கால் வீங்காமல் வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகள் முழித்திருக்கும்போதே முகம் பார்க்கலாம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதுவரை ஒரு நாளைக்கு 2 ஹேண்ட்ஓவர், இனிமேல் 3. ஐந்து நாள் தங்கும் ஒரு நோயாளி 10 முறை கைமாறியது போய், 15 முறை கைமாறப் போகிறார். கைமாறும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போக இடம் இருக்கிறது. இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்தது அதற்காகத்தான்.

விட்டுப்போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், வேறொரு மருத்துவமனை. காலை ஆறரைக்கு லேபிலிருந்து போன் வந்தது: 14-ஆம் படுக்கை, பொட்டாசியம் 2.6. கைக்கெட்டிய தூரத்தில் காகிதம் இல்லை, போட்டிருந்த கையுறையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிடத் திரும்பினால் அடுத்த படுக்கைக்காரர் வாந்தி எடுக்கிறார். ஓடினேன், அவரைச் சுத்தம் செய்து படுக்கவைத்தேன், கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்த எண்ணும் அதோடு போய்விட்டது. ஹேண்ட்ஓவரில் 14 வந்தபோது "ஹார்ட் ஃபெயிலியர், இரவு பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொன்னேன். காலை டூட்டிக்கு வந்த சிஸ்டர் சார்ட்டில் இருந்தபடி ஃபியூரோசிமைடு ஊசி போட்டார். அது சிறுநீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மருந்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. நல்லவேளை, டாக்டர்கள் உடனே பிடித்துவிட்டார்கள், அவர் பிழைத்து வீட்டுக்கும் போனார். நீல மையில் எழுதிய அந்த 2.6 எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்போது என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் மறந்தாய்? பல வருடம் கழித்து இன்றைய பேச்சாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது வேறு. "வாங்கிக்கொண்டவர் உங்களிடம் என்ன கேட்டார்?" யோசித்துப் பார்த்தேன். எதுவுமே கேட்கவில்லை, தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். "ராத்திரி ரத்தம் அனுப்பினீர்களே, ரிசல்ட் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே ஞாபகம் வந்திருக்கும். நாம் இதுவரை ஹேண்ட்ஓவர் கொடுப்பதைப் பற்றி மட்டும்தான் பயிற்சி கொடுத்திருக்கிறோம். வாங்குவதும் ஒரு வேலை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானும் உங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் நினைப்பது புரிகிறது. நியாயமான கேள்வி. ஐ-பாஸ் என்ற ஹேண்ட்ஓவர் முறையை 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. ஹேண்ட்ஓவருக்கு ஆன நேரம் ஏறக்குறைய முன்பு இருந்ததேதான். அந்த முறையின் கடைசிப் படி, வாங்குபவர் தான் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அவர்கள் டாக்டர்கள், நாம் நர்சுகள், அப்படியே நமக்குப் பொருந்துமா என்பதைப் பேச்சாளரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அவரைப் பற்றி அழைப்பிதழில் படித்திருப்பீர்கள். 19 வருடம் ஐசியூவில் நர்ஸ், அப்புறம் ஹேண்ட்ஓவரையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். அழைப்பிதழில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "முதலில் உங்கள் வார்டைப் பார்க்க வேண்டும்" என்றார். போன வாரம் இரண்டு இரவு நம்மோடு முழித்திருந்தார், காலை ஏழு மணிக்கு நர்சிங் ஸ்டேஷன் ஓரமாக நின்று நாம் பேசுவதையும், நடுவில் போன் அடித்து நாம் நிறுத்துவதையும், எங்கே நிறுத்தினோம் என்று தேடுவதையும் கவனித்தார். யார் பெயரையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால் இப்போது அவர் சொல்லப்போகும் உதாரணங்களில் உங்கள் படுக்கை வந்தால் சங்கடப்படாதீர்கள்.

வார்டு போன்களை எடுக்க ஆள் இருக்கிறது, அடுத்த முக்கால் மணி நேரம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். சரி, வாங்க சிஸ்டர், மைக் உங்களுடையது.