இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வு: தம்பிக்கு எட்டு வாரப் பயிற்சித் திட்டம்

தம்பி, போன ஞாயிறு நேதாஜி மைதானத்தில் உன்னை ஓடவிட்டுப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு பையனுக்கு இதே அட்டவணை பொருந்தாது, அதனால் யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதே.

முதலில் உன் கணக்கு. 1500 மீட்டருக்கு உனக்கு ஆனது 7 நிமிடம் 40 விநாடி. தேர்வில் 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அதில் தேறினால்தான் கயிறு, தாண்டல், ஓட்டத்துக்கு அழைப்பார்கள். நீளம் தாண்டுதலில் 3.90 மீட்டர் வந்தது. 3.80க்கு ஒரு நட்சத்திரம், 4.50க்கு இரண்டு. நட்சத்திரத்தை வைத்துத்தான் மதிப்பெண். 100 மீட்டரில் 14.8 விநாடி. 15க்கு ஒன்று, 13.5க்கு இரண்டு. கயிற்றில் மூன்று மீட்டர்தான் ஏறினாய். 5 மீட்டருக்கு ஒன்று, 6 மீட்டருக்கு இரண்டு. ஆக, இன்றைய நிலையில் உன்னை வெளியேற்றப்போவது 1500, உன் மதிப்பெண்ணைச் சாப்பிடப்போவது கயிறு. இந்த எட்டு வாரத்தில் முக்கால்வாசி உழைப்பு இந்த இரண்டுக்கும்தான்.

1500 மீட்டர்

உனக்கு மூச்சு பத்தாமல் இல்லை, ஓட்டத்தைப் பங்கிடத் தெரியவில்லை. முதல் சுற்றை 1:32ல் ஓடினாய். இரண்டாவது 2:00, மூன்றாவது 2:12. கடைசி முந்நூறு மீட்டரில் தோள் காதுவரை ஏறிவிட்டது, கை இரண்டும் நெஞ்சுக்குக் குறுக்கே ஆடியது. பக்கத்தில் ஓடுகிற பையன் முந்துகிறான் என்று ஆரம்பத்திலேயே பாய்கிறாய். 7 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 1:52 போதும். நாம் வைத்துக்கொள்ளும் இலக்கு 1:48. மூன்று சுற்றும் அப்படியே ஓடி, கடைசி முந்நூறை 1:21ல் முடித்தால் 6:45. பதினைந்து விநாடி கையிருப்பு நிற்கும்.

தினமும் 1500 ஓடிப் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. தினம் பரீட்சை எழுதுகிறவன் பாடம் படிப்பது எப்போது? வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இதற்கான ஓட்டம்.

திங்கள்: 400 மீட்டர் ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிடம் நடை. முதல் மூன்று வாரம் ஒவ்வொன்றும் 1:50. நான்காம் வாரத்திலிருந்து 1:45, ஆறு முறை. வேகமாக முடித்தாலும் தப்புதான். 1:38 வந்தால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டேன், திரும்ப ஓடச் சொல்வேன். வேகம் காலுக்குப் பழகவேண்டும், கடிகாரத்தைப் பார்க்காமலே 1:48 எது என்று உடம்பு சொல்லவேண்டும்.

புதன்: 30 நிமிட மெதுவோட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். நான்காம் வாரம் முதல் 40 நிமிடம்.

சனி: பாலாற்று மணலில் 20 நிமிடம், வெறுங்காலில் வேண்டாம், கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள். கண்ணாடிச் சில்லும் மணல் அள்ளிய பள்ளமும் இருக்கிற இடம், அதனால் வெளிச்சம் வந்த பிறகு, முந்தைய நாள் பார்த்து வைத்த தடத்தில் மட்டும். மணல் கெண்டைக்காலுக்கு நல்ல வேலை கொடுக்கும். முழங்கால் வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்கே நிறுத்து.

முழு 1500ஐ மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வார ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நேரம் பிடிக்கும்போது மட்டும் ஓடு.

கயிறு

தோப்புப் புளியமரத்தில் கட்டியிருக்கிற கயிற்றில் ஐந்து மீட்டரிலும் ஆறு மீட்டரிலும் சிவப்புத் துணி கட்டிவைத்திருக்கிறேன். கீழே மணல் கொட்டியாகிவிட்டது. நீ ஏறும்போது கவனித்தேன்: கையை மட்டும் நம்பி இழுக்கிறாய், கால் காற்றில் தொங்குகிறது. வலது கால் வெளிப்பக்கமாக வரும் கயிற்றை, இடது பாதத்தின் மேல் கொண்டுவந்து வலது பாதத்தால் அழுத்திப் பூட்டு. பிறகு எழுந்து நிற்பதுபோல் காலை நிமிர்த்து. கை அப்போது பிடிப்பை மாற்றினால் போதும். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டடி ஏறலாம்.

முதல் இரண்டு வாரம் தரையிலேயே இந்தப் பூட்டை இருபது தடவை பழகு, ஏறவே வேண்டாம். கூடவே, மரக்கிளையில் தொங்கி 20 விநாடி, மூன்று முறை. புல்-அப்ஸ் ஒன்றுகூட வராதென்றால், குதித்து மேலே போய் மெல்ல இறங்கு, ஐந்து விநாடி எடுத்து. மூன்றாம் வாரம் நான்கு மீட்டர், ஐந்தாம் வாரம் முதல் துணி, ஏழாம் வாரம் இரண்டாவது துணி. செவ்வாய், வெள்ளி மாலையில் இந்த வேலை. ஒரு மாலைக்கு ஐந்து ஏற்றத்துக்கு மேல் கூடாது.

இறங்கும்போது வழுக்கி வராதே. உள்ளங்கைத் தோல் உரிந்தால் ஒரு வாரம் போய்விடும். கைக்குக் கை மாற்றி இறங்கு. ஏறும் முன் கையைத் துணியால் துடைத்துக் காயவை. நான் பக்கத்தில் இல்லாமல் மூன்று மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. இது உத்தரவு.

தாண்டலும் 100 மீட்டரும்

இதில் உனக்குப் பெரிய குறையில்லை. உயரம் தாண்டுதலை எடுக்காதே, நீளம் தாண்டுதலே எடு. பலகையிலிருந்து பின்னோக்கிப் பதினாறு எட்டு ஓடி, நிற்குமிடத்தில் சுண்ணாம்புக் குறி போடு. தேர்வன்று அந்த அளவு உன் கால் பாதக்கணக்கில் மனப்பாடமாக இருக்கவேண்டும். பலகையைக் குனிந்து பார்த்தபடி ஓடுகிறாய், அதனால்தான் கடைசி மூன்று எட்டு குறுகிவிடுகிறது. வியாழன் மாலை ஆறு தாண்டல், அதோடு 60 மீட்டர் வேக ஓட்டம் ஆறு. 100 மீட்டரில் ஒரு நட்சத்திரம் கையில் இருக்கிறது. 13.5 எட்டு வாரத்தில் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான், வந்தால் சந்தோஷம். 400 மீட்டரை எடுக்கலாமா என்று கேட்டாயே, 70 விநாடி அதைவிடக் கடினம், வேண்டாம்.

சாப்பாடு, தூக்கம், வெயில்

காலை 5:30க்கு மைதானம். பங்குனி வெயில் வேலூரில் எட்டு மணிக்கே சுடும், அதற்குள் வீடு திரும்பிவிடு. வெறும் வயிற்றில் ஓடாதே, ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு வா. ஓடியபின் கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்ட மோர். மதியம் உன் அம்மா கிண்டுகிற களியும் கீரையும் போதும், கூடவே ஒரு முட்டை, மாலையில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை. பவுடர் டப்பா வாங்க உன் அப்பாவிடம் காசு கேட்காதே. யாராவது ஊசி, மாத்திரை என்று சொன்னால் எனக்குச் சொல். இரவு பத்து மணிக்குப் போன் கீழே.

ஓடும்போது நெஞ்சு வலி, கண் இருட்டல், தலைசுற்றல் வந்தால் நிழலில் உட்கார். அன்றைக்கே அடுக்கம்பாறை மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போகிறேன், மறைக்காதே. முன்கால் எலும்பில் குத்தும் வலி இரண்டு நாள் நீடித்தால் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு மாறு.

மார்பளவில் சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்து 5 செ.மீ. விரியவேண்டும். உனக்கு 82, விரிவு 4 தான். தினம் காலையும் மாலையும் பத்து தடவை மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தி விடு. அளக்கும்போது வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மூச்சை மார்புக்கு ஏற்று.

எட்டாம் வாரம் பாதியாகக் குறை. திங்கள் 400 மூன்று மட்டும், புதன் 20 நிமிடம், கயிறு ஒரே ஒரு நாள். கடைசி இரண்டு நாள் நடை, அவ்வளவுதான். புது ஷூ வாங்காதே. ஆறாம் வாரத்துக்குள் வாங்கியிருந்தால் சரி. அழைப்புக் கடிதம், சான்றிதழ்களின் அசல், நகல் எல்லாம் ஒரே கவரில், முந்தைய மாலையே. அன்று முதல் சுற்றில் எல்லோரும் உன்னை முந்துவார்கள். முந்தட்டும். மூன்றாம் சுற்றில் அவர்கள் நடப்பதைப் பார்ப்பாய்.

ஒரு நோட்டில் தினமும் மூன்றே வரி எழுது: என்ன ஓடினாய், எவ்வளவு நேரம், எங்கே வலித்தது. வரும் திங்கள் முதல் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டோடு தோப்புக்கு வா.