முன்பருவக் கல்வி ஆசிரியர் பயிற்சி: சூழல் வினாக்கள்

நேரம்: 2 மணி. மொத்த மதிப்பெண்: 50. எல்லா வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை. "அன்பாக எடுத்துச் சொல்வேன்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. எடுத்துச் சொல்லும் அந்த வாக்கியத்தையே எழுதுங்கள், குழந்தையிடம் பேசுகிற பேச்சிலேயே. நின்றுகொண்டு சொல்வீர்களா, உட்கார்ந்து சொல்வீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பியாஜே, எரிக்சன், வைகாட்ஸ்கி பெயர்களைப் பொருந்துகிற இடத்தில் சொன்னால் போதும். அடம், குறும்பு, சேட்டை ஆகிய மூன்று சொற்களும் விடைத்தாளில் வரக்கூடாது. அந்தச் சொற்களை எழுதிவிட்டால், குழந்தை ஏன் அப்படிச் செய்தது என்று மேற்கொண்டு யோசிக்க நமக்குத் தோன்றாது. குழந்தைகளின் பெயர்கள் கற்பனை.

சூழல் 1. கொழுக்கட்டை (6 மதிப்பெண்)

காலை பத்தரை மணி. உதவியாளர் சத்துமாவுக் கொழுக்கட்டையை ஒரே அச்சில் பிடித்துத் தட்டுக்கு ஒன்றாக வைக்கிறார். நான்கு வயது முகிலன் கையில் எடுத்த நேரத்தில், பக்கத்தில் இருந்த யாழினி தன்னுடையதை உள்ளங்கையால் தட்டி அடை மாதிரி ஆக்கிவிட்டாள். "அவளுக்கு மட்டும் பெரிசு!" என்று முகிலன் அழ ஆரம்பிக்கிறான். "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று நீங்கள் மூன்று முறை சொல்லியாயிற்று. அழுகை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அ) பியாஜே 2 முதல் 7 வயது வரை வகுத்த நிலையில் முகிலன் இருக்கிறான். எந்தப் புரிதல் அவனுக்கு இன்னும் வரவில்லை? உங்கள் விளக்கம் ஏன் எடுபடவில்லை?
ஆ) அடுத்த அரை நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?
இ) மறுநாள் களிமண் உருண்டைகளை வைத்து இதையே விளையாட்டாக்குங்கள். குழந்தைகளிடம் கேட்கும் 3 கேள்விகளை எழுதுங்கள். சரியான விடையை நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

சூழல் 2. பல் தடம் (12 மதிப்பெண்)

கவினுக்கு 2 வயது 4 மாதம். அங்கன்வாடிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. "தா", "வேணாம்", "அம்மா", "போ" என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் பேசுகிறான். ஆதிரையும் அவனும் ஒரே பாயில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆதிரை கை நீட்டிக் கவினின் குவளையை எடுத்தாள். அவன் இழுத்தான், அவள் விடவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டான். தோல் கிழியவில்லை, ஆனால் பல் பதிந்த இடம் வட்டமாகச் சிவந்திருக்கிறது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் பதினொன்றரைக்கு மேல்தான் நடந்தது என்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது.

வயதில் மூத்தவரான உதவியாளர் சொல்கிறார்: "ஒரு தடவை திருப்பிக் கடிச்சு விடுங்க டீச்சர், வலி தெரிஞ்சாத்தான் நிறுத்துவான்."

அ) கடித்த அந்த நொடியில் முதலில் யாரிடம் போவீர்கள்? ஏன்? இரண்டு குழந்தைகளிடமும் சொல்லும் வார்த்தைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். கவினிடம் சொல்வது ஐந்து சொல்லைத் தாண்டக் கூடாது.
ஆ) மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகைப்படுத்திய விளையாட்டு நிலைகளில் இவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள்? "பகிர்ந்து விளையாடு" என்று இந்த வயதில் கேட்பது எந்த அளவுக்குப் பலன் தரும்?
இ) பதினொன்றரை என்ற நேரம் உங்களுக்கு என்ன சொல்கிறது? ஊகிக்கக்கூடிய 2 காரணங்களையும், நாளைக்கே அறையில் செய்யக்கூடிய 2 மாற்றங்களையும் எழுதுங்கள். குவளைகளின் எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள்.
ஈ) உதவியாளருக்கு, அவர் மனம் நோகாமல் பதில் சொல்லுங்கள். "அக்கா" என்று ஆரம்பியுங்கள். சட்டம் தெரிந்திருப்பதும் உங்கள் வேலைதான்: 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சுருக்கமாக எழுதுங்கள்.
உ) மாலையில் ஆதிரையின் அம்மா வாசலிலேயே, "கடிச்சது யாரு, பேரைச் சொல்லுங்க" என்கிறார். பெயரைச் சொல்வீர்களா? அந்த உரையாடலை எழுதுங்கள்.

சூழல் 3. ஒரு குழாய், 24 குழந்தைகள் (10 மதிப்பெண்)

3 முதல் 5 வயது வரையுள்ள 24 குழந்தைகள். ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். கை கழுவ ஒரே குழாய். 12 மணிக்குச் சாப்பாடு. 11.45-க்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறார் ஆசிரியர். ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் ஆகிறது. ஐந்தாவது குழந்தை கழுவும்போதே பின்னால் தள்ளுமுள்ளு, சட்டையைப் பிடித்து இழுத்தல், ஒருவன் சுவரில் காரையைச் சுரண்டுகிறான். "வாயில விரல்!" என்று ஆசிரியர் கத்துகிறார். தினமும் இதே கதைதான்.

அ) கடைசிக் குழந்தை எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது? கணக்கைக் காட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்கலாமா?
ஆ) வரிசையே இல்லாமல் இந்த 15 நிமிடத்தை மாற்றி அமையுங்கள். உதவியாளர் எங்கே நிற்பார், மீதிக் குழந்தைகள் பாயில் என்ன செய்வார்கள், யார் எப்போது எழுந்து போவார்கள் என்று தெளிவாக வரட்டும். பாட்டு வைத்தால், பாட்டின் முதல் அடியை நீங்களே கட்டி எழுதுங்கள்.
இ) "வாயில விரல்" என்பதற்குப் பதில், செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்லும் ஒரு வாக்கியம்.

சூழல் 4. பாட்டியின் முந்தானை (6 மதிப்பெண்)

ஜூன் மாதம், முதல் வாரம். மூன்று வயது நிலா பாட்டியின் முந்தானையை விடவே மாட்டேன் என்கிறாள். "நீங்க பொம்மையைக் காட்டுங்க, நான் பின்பக்கமா நழுவிடுறேன்" என்று பாட்டி உங்கள் காதில் சொல்கிறார். நேற்று அப்படிச் செய்து பார்த்ததில், இன்று பிடி இன்னும் இறுகியிருக்கிறது.

அ) நழுவிப் போவதில் குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது?
ஆ) பாட்டி சொல்லிவிட்டுப் போக ஒரு விடைபெறும் வழக்கத்தை அமைத்துக் கொடுங்கள். "நாலு மணிக்கு வருவேன்" என்பது நிலாவுக்குப் புரியாது. அவளுக்குப் புரிகிற நேரத்தைச் சொல்லுங்கள்.

சூழல் 5. நாலு கோடு நோட்டு (8 மதிப்பெண்)

மூன்றரை வயது இன்பா கிரேயானை முஷ்டியால் பிடிக்கிறான். ஊஞ்சல் ஆடுகிறான், மாவு பிசைகிறான், வட்டம் மாதிரி ஒன்றைக் கிறுக்கி "இது தோசை" என்கிறான். அவன் அப்பா வந்து, "பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதுறான், இவனுக்கு நீங்க என்னதான் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்று கேட்கிறார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அதை மனதில் வைத்து விடை எழுதுங்கள்.

அ) தோள், மணிக்கட்டு, விரல் என்ற வரிசையில் எழுதும் கை எப்படித் தயாராகிறது?
ஆ) அப்பாவுக்கு நீங்கள் சொல்லும் பதிலை எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பொருளை வைத்து அவரே மகனோடு செய்யக்கூடிய 2 வேலைகளும் அதில் வரவேண்டும்.

சூழல் 6. பேசாத இருவர் (8 மதிப்பெண்)

திருப்பூரில் ஒரு மையம். பனியன் கம்பெனியில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை சுனிதா, வயது 4. சேர்ந்து ஐந்து வாரமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் பாட்டுக்குக் கை அசைக்கிறாள், மற்றவர்கள் எழுந்தால் எழுகிறாள், அம்மா வந்ததும் ஒடியாவில் பொரிந்து தள்ளுகிறாள்.

அதே மையத்தில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை எழில், வயது 3. அவனும் பேசுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பின்னால் தட்டு விழுந்தாலும் அப்படியே இருக்கிறான். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அ) ஒருவருக்குக் காத்திருக்கலாம், ஒருவருக்குக் காத்திருக்கக் கூடாது. யார் யார்? மேலே உள்ள விவரங்களிலிருந்தே காரணம் காட்டுங்கள்.
ஆ) சுனிதாவின் அம்மாவிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள விரும்பும் 5 ஒடியாச் சொற்கள் எவற்றுக்கானவை? ஏன் அவை?
இ) தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்த வருகைக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எழிலுக்காக என்ன செய்வீர்கள்?
ஈ) எழிலின் அம்மாவிடம் பேசும் முதல் நான்கு வாக்கியங்களை எழுதுங்கள். நோயின் பெயர் எதுவும் வரக்கூடாது. நீங்கள் பார்த்தது மட்டும் வரட்டும்.