கயல்விழி திருமணம்: நாங்கள் வருகிறோம்

அன்புள்ள லதா அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

வணக்கம். நேற்று இரவு உங்கள் மின்னஞ்சல் வந்தது. அழைப்பிதழை ஃபோனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கயல் பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “நம்ம வீட்டில சோறு சாப்பிட்ட பிள்ளைடி” என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஈசூன் வீட்டை விட்டு நாங்கள் பொங்கோலுக்கு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் எதிர்வீட்டுக்காரர்களை மறக்காமல், முதல் ஆளாக எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம் அக்கா.

கண்டிப்பாக வருகிறோம். ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. காலைக்கும் இரவுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை கேட்டிருந்தீர்கள்.

காலையில் பெருமாள் கோயில் முகூர்த்தத்துக்கு நாங்கள் 6 பேர். நான், அவர், அம்மா, கார்த்திக், மீனா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சூ. இரவு விருந்துக்கு 3 பேர் மட்டும்: நான், அவர், மீனா. கார்த்திக் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான், தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி. ஞாயிறு சாயங்காலம் புக்-இன் பண்ண வேண்டும். அதனால் இலையில் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவான். அம்மாவால் இரவு நெடுநேரம் உட்கார முடியாது. சூவும் அம்மாவோடு வீட்டில் இருப்பாள். ஜொகூரில் இருக்கும் என் தங்கைக்கும் நீங்கள் தனியாக அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். அவளே பதில் எழுதுவாள். அவள் குடும்பத்தை என் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டு முறை எண்ணிவிடப் போகிறீர்கள்.

சூவைப் பற்றி ஒரு வார்த்தை. “குடும்பத்தோடு வாருங்கள்” என்றுதான் அழைத்திருக்கிறீர்கள், ஆனாலும் கேட்டுவிடுவது முறை. மூன்று வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, நடக்க வைப்பது எல்லாம் அவள்தான். மியன்மாரிலிருந்து வந்த பெண். இப்போது “பாட்டி, கொஞ்சம் சாப்பிடு” என்று தமிழில் கெஞ்சுகிறாள். ஞாயிறு அவளுக்கு ஓய்வு நாள். அன்றைக்குத் தானே வருகிறேன் என்கிறாள், பதிலுக்கு வேறு நாள் விடுப்பு கொடுத்துவிடுவோம். பந்தியில் அம்மா பக்கத்திலேயே அவளுக்கும் ஓர் இலை போட வேண்டும். இடம் பற்றாக்குறை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். அப்படியானால் கார்த்திக் பரிமாறும் பிள்ளைகளோடு நின்றுவிட்டு அடுத்த பந்தியில் உட்காருவான்.

இனி சாப்பாடு. இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து சமையல்காரரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள் அக்கா. மீனாவுக்கு முந்திரிப்பருப்பு ஒத்துக்கொள்ளாது. வெறும் அரிப்போடு போகிற விஷயம் இல்லை, மூச்சுத் திணறல் வரை போகும். நான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் கேசரி இரண்டு வாய் சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, அங்கிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடினோம். முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று பலரும் நினைப்பார்கள், அது போதாது. அது வறுத்த நெய்யே ஆகாது. குருமாவில் அரைத்து ஊற்றியிருந்தால் கண்ணுக்கும் தெரியாது. பாயசம், பொங்கல், கேசரி, பிரியாணிக்கு மேலே தூவுவது, இனிப்புத் தட்டில் வைக்கும் காஜு கத்லி, எல்லாவற்றிலும் பயம்தான். பிஸ்தாவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடலை, தேங்காய் இரண்டும் பிரச்சினை இல்லை.

அவளுக்காக மெனுவை மாற்ற வேண்டாம், தயவுசெய்து. கல்யாணப் பாயசத்தில் முந்திரி இல்லாமல் எப்படி? எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும். காலையில் வெள்ளைச் சோறு, சாம்பார், ரசம், அப்பளம், ஒரு பொரியல், மோர், அவளுக்கு அதுவே விருந்து. அவள் இலைக்குப் போடும் கரண்டி பாயசக் கரண்டியாக இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இரவு விருந்தில் தனித்தட்டு ஏற்பாடு செய்ய முடியும் என்றால் சாதாரணச் சோறும் வறுத்த கோழியும் கேட்டு வையுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவருவேன். அவளுடைய ஊசி மருந்து எப்போதும் என் கைப்பையில் இருக்கும். இந்த வருடம் பி.எஸ்.எல்.இ. எழுதுகிற பிள்ளை, “கயல் அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வேளையும் வருவேன்” என்று அட்டவணை போட்டுப் பாடங்களை முன்னாலேயே முடித்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா சுத்த சைவம், காலையில் கவலை இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் சோறு கொஞ்சமாக, ஊறுகாய் வேண்டாம். பாயசம் ஒரு வாய் கேட்பார். அன்றைக்கு மட்டும் கொடுக்கப் போகிறேன். சூவுக்குக் காரம் குறைவாக இருந்தால் நல்லது. இரவில் நானும் அவரும் அசைவம். அவர் ஆட்டிறைச்சியை நிறுத்திவிட்டார், கோழியும் மீனும் சாப்பிடுவார். எனக்கு இறால் ஆகாது. சம்பலில் பெலாச்சான் சேர்த்திருந்தால் மட்டும் பரிமாறுபவர்கள் சொல்லட்டும், தொடாமல் இருந்துவிடுவேன்.

அம்மா சக்கர நாற்காலியில் வருவார். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய முடியாது என்பதால் டாக்சியில்தான் வருகிறோம். மண்டபத்துக்குப் படி ஏறாமல் வர எந்த வாசல் வசதி என்று அண்ணன் ஒரு வரி எழுதினால் போதும். உட்காரும் இடம் ஓரமாக இருந்தாலும் சரி, தாலி கட்டுவது கண்ணில் படவேண்டும். அட்சதை போடும்போது தன் கையாலேயே போட வேண்டும் என்கிறார்.

இன்னொன்று, இதைக் கயலிடம் இப்போது சொல்லாதீர்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன காலத்தில், பள்ளி விட்டு வந்ததும் அவள் எங்கள் வீட்டில் சாப்பிடுவாளே, அந்தச் சின்ன எவர்சில்வர் தட்டு நினைவிருக்கிறதா? அடம் பிடிக்கிறாள் என்று அம்மா தேக்காவில் ஒரு பாத்திரக் கடையில் “கயல்” என்று பேர் வெட்டிக் கொண்டுவந்தார். பிறகு வேறு யாருக்கும் அந்தத் தட்டில் சோறு போட விட்டதில்லை. வீடு மாறும்போது பாதிச் சாமான்களைக் கொடுத்துவிட்டோம், அதை மட்டும் துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். நேற்று ராத்திரி எடுத்துப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார். ஒரு விளிம்பில் நசுங்கல் இருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது.

அதைப் பெண் கையில் அம்மாவே கொடுக்க ஆசைப்படுகிறார். ஆசீர்வாதத்துக்கு வரிசை நிற்கும்போது மேடை ஏறுவது சிரமம். பந்திக்குப் போகும் முன் கயலும் மாப்பிள்ளையும் ஒரு நிமிடம் அம்மா இருக்கும் இடத்துக்கு வர முடியுமா? புகைப்படக்காரர் அவசரப்படுத்துவார் என்று தெரியும், ஒரே நிமிடம் போதும்.

முந்தின நாள் கை வேண்டும் என்றால் கூப்பிடுங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். தாம்பூலப் பை போடுவது, பூத் தொடுப்பது எதுவானாலும் சரி. அவரும் காலை 7 மணிக்கே வந்து வாசலில் அண்ணனோடு நிற்கிறேன் என்கிறார்.

கயலுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும் ஆசியும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சாந்தி
(காலை 6 பேர், இரவு 3 பேர். மீனாவுக்கு முந்திரி, பிஸ்தா கூடாது.)