ஆள் அறிமுக போனஸ்: அனைத்து ஊழியர்களுக்குமான அறிவித்தல்

திகதி: 2026 பெப்ரவரி 2
அனுப்புவது: மனிதவளப் பிரிவு, மட்டக்களப்புத் தொழிற்சாலை

அன்பான ஊழியர்களே,

மார்ச் மாதம் புதிதாக இரண்டு லைன்கள் தொடங்குகிறோம். அதற்கு 60 பேர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நீங்கள் அறிமுகப்படுத்தி, அவர் வேலையில் சேர்ந்து நிலைத்தால், உங்களுக்குப் போனஸ் தரப்படும். 2026 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலையில் சேர்கிறவர்களுக்கு இது பொருந்தும்.

தொகை இதுதான். தைக்கத் தெரிந்த மெஷின் ஒப்பரேட்டர் ஒருவருக்கு 15,000 ரூபா. ஹெல்பர் அல்லது பழகவரும் ஒருவருக்கு 8,000 ரூபா. மெக்கானிக் அல்லது சூப்பர்வைசருக்கு 25,000 ரூபா. எத்தனை பேரை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனஸ் உண்டு.

பணம் இரண்டு தடவையாக வரும். புதியவர் ஒரு மாதம் முடித்ததும் முதல் பகுதி: ஒப்பரேட்டருக்கு 5,000, ஹெல்பருக்கு 3,000, மெக்கானிக் அல்லது சூப்பர்வைசருக்கு 10,000. மூன்று மாதம் முடித்ததும் மிச்சம். அந்த நாள் மாதத்தின் 20ஆம் திகதிக்குள் வந்தால் அதே மாதச் சம்பளத்தோடும், பிந்தினால் அடுத்த மாதச் சம்பளத்தோடும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உதாரணமாக, நீங்கள் சொன்ன ஒப்பரேட்டர் மார்ச் 9 அன்று சேர்ந்தால், ஏப்ரல் சம்பளத்தோடு 5,000, ஜூன் சம்பளத்தோடு 10,000. சம்பளச் சீட்டில் 'அறிமுக போனஸ்' என்று தனி வரியாக இருக்கும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் பெறுபவர்களுக்கு வழமையான வரிப் பிடித்தம் உண்டு, மற்றவர்களுக்கு முழுத்தொகையும் கையில் வரும்.

இங்கே மூன்று மாதம் வேலை செய்த எவரும் அறிமுகப்படுத்தலாம். நிரந்தர ஊழியர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், காவல் பணியிலும் கன்டீனிலும் இருக்கிற வெளி நிறுவன ஊழியர் எல்லோரும் இதில் அடக்கம். மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கும், நேர்முகத்தில் உட்காரும் முகாமையாளர்களுக்கும் போனஸ் இல்லை. தெரிவு செய்கிறவரே அதில் பணம் பெறுவது சரியல்ல.

வருகிறவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். அவர் கடந்த 6 மாதங்களுக்குள் இங்கிருந்து விலகியவராக இருக்கக் கூடாது. அதற்கு முன் விலகியவர்களைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். தங்கச்சி, மச்சாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாரானாலும் பரவாயில்லை. தெரிவு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான். அறிமுகத்துக்காக எவரும் தேர்வில் சலுகை பெறமாட்டார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். போன வருடம் படுவான்கரையிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள், இங்கே வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் ஆளுக்கு 5,000 ரூபா கொடுத்திருந்தார்கள். முதல் சம்பளம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருவர் தாயாரின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இங்கே வேலைக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. யாரையாவது அறிமுகப்படுத்திவிட்டு அவரிடம் பணம் வாங்கினால் உங்கள் போனஸ் நிறுத்தப்படும், ஒழுக்காற்று நடவடிக்கையும் எடுக்கப்படும். இந்தத் திட்டத்தைக் கொண்டுவர நான் விரும்பியதற்கு முதல் காரணமே இதுதான். தரகருக்குப் போன காசு உங்கள் வீட்டுக்கு வரட்டும், வருகிற பிள்ளையின் கையிலிருந்து எதுவும் போகாமல் இருக்கட்டும்.

கூட்டி வருகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நின்று செய்யும் வேலை உண்டு, ஏற்றுமதி நெருக்கடி வந்தால் மேலதிக நேரம் வரும். முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதம் கழியும், நிறுவனம் 12 வீதம் சேர்க்கும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நிறுவனமே கட்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு மண்முனைப் பாலம் வழியாகப் புதிய பஸ் மார்ச் 1 முதல் ஓடும். ஏறாவூர், செங்கலடி, ஆரையம்பதி பஸ்கள் வழமைபோல.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். மனிதவளப் பிரிவுக் கவுன்டரில் மஞ்சள் படிவம் இருக்கிறது. அதில் உங்கள் ஊழியர் இலக்கத்தையும் அவருடைய பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, அவர் நேர்முகத்துக்கு வருவதற்கு முன்பே கொடுங்கள். நேர்முகத்துக்குப் பிறகு வரும் படிவம் ஏற்கப்படாது. ஒரே ஆளை இருவர் எழுதினால், முதலில் பதிந்தவருக்கே போனஸ். படிவத்தின் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர் இடையில் நின்றுவிட்டால் இரண்டாம் பகுதி கிடைக்காது, ஆனால் கொடுத்த முதல் பகுதியைத் திரும்பக் கேட்கமாட்டோம். பணம் வரும் நாளில் நீங்கள் பிரசவ விடுமுறையிலோ மருத்துவ விடுமுறையிலோ இருந்தாலும் உங்களுக்கு உரியது வரும். வேலையை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் மீதி வராது.

புரியாதவர்கள் பெப்ரவரி 5, 6 இரண்டு நாட்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்டீனுக்கு வாருங்கள், நான் அங்கே இருப்பேன். படிவம் நிரப்பச் சிரமமானவர்களுக்கு அங்கேயே எழுதித் தருவோம்.

முகாமையாளர்,
மனிதவளப் பிரிவு